10X ப்ரோப்: மூலை நேரானாலும் விளிம்பு நிஜமில்லை

மேசையில் 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப், அதே அளவுக்கான ப்ரோப். ப்ரோப் சுவிட்ச், சேனல் மெனு இரண்டும் 10Xஇல், கப்ளிங் டிசியில். ஸ்கோப்பின் முன்பக்கத்திலுள்ள 1 கிலோஹெர்ட்ஸ், 3 வோல்ட் சதுர அலை முனையில் ப்ரோப்பை மாட்டி, கட்டத்துக்கு 200 மைக்ரோவிநாடி வைத்தால் இரண்டு சுழற்சிகள் தெரியும். மூலை மழுங்கியிருந்தால் ஈடு, அதாவது ப்ரோப்பை ஸ்கோப்பின் கெப்பாசிட்டன்ஸோடு பொருத்தும் காம்பன்சேஷன், போதவில்லை. மேலே துருத்திக்கொண்டு பிறகு சரிந்தால் ஈடு கூடிவிட்டது. ஈட்டைச் சரிசெய்யும் ட்ரிம்மரை பிளாஸ்டிக் திருப்புளியால்தான் திருப்ப வேண்டும். உலோகத் திருப்புளி பட்டிருக்கும்வரை கையின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்துகொள்ளும், எடுத்ததும் அலை மாறிவிடும்.

ஏன் 1 கிலோஹெர்ட்ஸ்? ப்ரோப் முனையில் 9 மெகாஓம், அதற்கு இணையாக ஏறக்குறைய 12 பிகோஃபாரட். இரண்டையும் பெருக்கினால் 108 மைக்ரோவிநாடி. ஈட்டில் பிழை இருந்தால் அது கிட்டத்தட்ட இந்த வேகத்தில்தான் தேயும். அரைச் சுழற்சி 500 மைக்ரோவிநாடி என்பதால் தேய்வது முழுதாகக் கண்ணில் படுகிறது.

ஆபத்து இங்கேதான். மூலை 10 சதவீதம் துருத்தும்படி விட்டுவிட்டு, 1 மெகாஹெர்ட்ஸ், 5 வோல்ட் கிளாக்கைப் பார்த்தால் அலை அழகான சதுரமாகவே இருக்கும். அரை மைக்ரோவிநாடிக்குள் தேய நேரமில்லை. ஆனால் உயரம் 5.5 வோல்ட்: மேலே 5.25, கீழே மைனஸ் 0.25. சர்க்யூட்டில் கோளாறு என்று தேடக் கிளம்புவோம். ஸ்கோப்பின் உள்ளீட்டுக் கெப்பாசிட்டன்ஸ் சேனலுக்குச் சேனல் சற்று மாறும். அதனால் ப்ரோப்பைச் சேனல் மாற்றினாலும் இந்தச் சரிபார்ப்பு வேண்டும்.

அடுத்து 10 மெகாஹெர்ட்ஸ், 5 வோல்ட் ஆஸிலேட்டர் மாட்யூல். சுவிட்சை 1Xக்குத் தள்ளினால் ப்ரோப்பின் பேண்ட்வித் 6 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறங்கிவிடும். எளிய ஆர்சி வடிகட்டியாக எடுத்துக் கணக்கிட்டால், சதுரம் போய் சுறாத் துடுப்பு போன்ற வளைவு, உயரமும் சுமார் 3.7 வோல்ட்தான். பலர் 1Xஐ மறந்து விட்டுவிட்டு மாட்யூலைக் குறை சொல்வது இதனால்தான்.

10Xக்குத் திரும்பினால் சதுரம் வரும், ஆனால் விளிம்பை நம்பக்கூடாது. 0.35ஐ 100 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஏறுநேரம் 3.5 நானோவிநாடி. ப்ரோப்புக்கு ஒன்று, ஸ்கோப்புக்கு ஒன்று. நிஜ விளிம்பு 2 நானோவிநாடி என்றால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்:

```
sqrt(2² + 3.5² + 3.5²) ≈ 5.3 ns
```

திரை காட்டும் 5.3இல் பெரும்பகுதி கருவியுடையது. 1 கிலோஹெர்ட்ஸ் ஈடு எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் இது மாறாது.

விளிம்புக்குப் பின் நடுங்கும் அலை வந்தால் முதல் சந்தேகம் கிரவுண்ட் வயர்மேல். முதலைக் கிளிப் வயரின் இண்டக்டன்ஸ் 150 நானோஹென்றி என்றால், முனையின் 12 பிகோஃபாரடோடு சேர்ந்து 120 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒலிக்கும். கிளிப்பைக் கழற்றி, ப்ரோப் முனையில் ஸ்பிரிங் கிரவுண்டைச் செருகி, ஐசியின் கிரவுண்ட் காலிலேயே தொட்டுப் பாருங்கள். நடுக்கம் வெகுவாகக் குறைந்தால் அது சர்க்யூட்டுடையதல்ல.