மூன்று அங்குலம் வளர்ந்த கவுன்

மகளின் மஞ்சள் கவுன் முழங்காலுக்கு மேல் ஏறிவிட்டது. தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை பைரவர் கோயிலுக்கு அதைத்தான் போடுவேன் என்கிறாள். சரி, நேற்று அடிமடிப்பைப் பிரித்தேன். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று. துவைத்தாலும் இஸ்திரி போட்டாலும் அது போகாது. மடிப்பை இறக்கிவிட்ட கவுனைக் காட்டிக்கொடுப்பதே அந்தக் கோடுதான்.

அதனால் அந்தக் கோட்டின் மேலேயே புதுப் பட்டையை வைத்துத் தைத்தேன். கோடு தையலுக்குள் போய்விட்டது, நீளத்திலும் குறையவில்லை. மூன்று அங்குலம் கூட வேண்டும், பட்டை இரட்டையாக மடியும், இரு பக்கமும் தையலுக்கு அரை அங்குலம். ஆக ஏழு அங்குல அகலத்தில் வெட்டினேன்.

துணி அரக்கு நிறக் காட்டன், தர்மபுரி கடைவீதியில் வாங்கியது. முதலில் ஊறவைத்து அலசினேன், தண்ணீர் சிவந்தே போனது! அப்படியே தைத்திருந்தால் மஞ்சள் பாழாகியிருக்கும், பட்டையும் பிறகு சுருங்கி அடியை இழுத்திருக்கும்.

மிச்சத் துணியில் கை ஓரத்துக்கு அரை அங்குலப் பட்டை. அடியில் மட்டும் இருந்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும், மேலேயும் அதே நிறம் வந்ததும் தைக்கும்போதே அப்படித் தைத்த கவுனாகிவிட்டது.

சுருக்கம் வைத்த நேர்ப் பாவாடைக்குத்தான் இது சரிவரும். குடை போல விரியும் கவுனில் அடி வளைவாக இருக்கும், நேர்ப்பட்டை அங்கே சுருண்டுகொள்ளும். அதற்குப் பட்டையையும் அதே வளைவில்தான் வெட்ட வேண்டும்.