70 பேருக்கு மூன்றடுக்கு கேக்: துண்டுக் கணக்கும் பேட்டர் கணக்கும்

விருந்தினர் எண்ணிக்கை 70 என்றதும் டின் அளவைத் தேடக் கூடாது. முதலில் துண்டின் அளவு முடிவாக வேண்டும். இங்கே எடுத்துக்கொண்டது 1 அங்குல அகலம், 2 அங்குல நீளம், அடுக்கின் முழு உயரமான 4 அங்குலம். மேலிருந்து பார்த்தால் ஒரு துண்டுக்கு 2 சதுர அங்குலம்.

வட்ட டின்னின் பரப்பை இரண்டால் வகுத்து, ஓரத்திலும் உதிரலிலும் போவதைக் கழித்தால் 6 அங்குல அடுக்கில் 12, எட்டில் 24, பத்தில் 38 துண்டுகள் கிடைக்கும். மொத்தம் 74. எழுபதுக்கு நாலு மிச்சம், அவ்வளவுதான். மேல் அடுக்கை வெட்டாமல் எடுத்து வைக்கப் போகிறார்கள் என்றால் 62 தான் மிஞ்சும். அதைக் கேட்காமல் டின் அளவை முடிவு செய்யாதீர்கள்.

இந்த எண்ணிக்கை வெட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது. அடுக்குகளைத் தனித்தனியாக இறக்கி, ஓரத்திலிருந்து 2 அங்குலம் உள்ளே வட்டமாகக் கத்தி போட்டு, அந்த வளையத்தை அங்குலம் அங்குலமாக நறுக்க வேண்டும். பிறகு உள்வட்டத்தையும் அப்படியே. பிறந்தநாள் கேக் போல முக்கோணமாக வெட்டினால் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் வரும்.

அடுத்தது பேட்டர். ஓர் அடுக்குக்கு 2 அங்குல ஆழ டின்னில் இரண்டு லேயர், பாதி டின் வரை பேட்டர். ஒரு லேயருக்கு 6 அங்குல டின் 460 மில்லி, எட்டு 825, பத்து 1290 எடுக்கும். ஆறிலிருந்து பத்துக்குப் போனால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு என்பதைக் கவனியுங்கள். விட்டத்தைப் பார்த்து 'ஒன்றரை மடங்கு போதும்' என்று கலந்தால் அடி லேயர் அப்பளமாகிவிடும். ஆறு லேயருக்கும் சேர்த்து 5150 மில்லி.

பேட்டரை மில்லியில் ஊற்றுவது தொல்லை, தராசுதான் வசதி. 240 மில்லி கப் நிறைய உங்கள் பேட்டரை எடுத்து நிறுங்கள். இந்த பட்டர் கேக்கில் 220 கிராம் வந்தது. அப்படியானால் ஒரு லேயருக்கு ஆறு 422, எட்டு 756, பத்து 1182 கிராம், மொத்தம் 4720. பாத்திரத்தில் ஒட்டுவதற்கு 5 சதவீதம் கூட்டினால் 4950. ரெசிபிப் பொருட்களின் எடையைக் கூட்டினால் 1100 கிராம் (முட்டை ஓடில்லாமல்). ஆக, நாலரை மடங்கு.

இதை ஒரே தடவையில் கலக்க வேண்டாம். அவனில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்கும் பேட்டரில் பேக்கிங் பவுடரின் வாயு போய்விடும், கடைசி லேயர் கனமாக வரும். பத்து அங்குல ஜோடிக்கு ஒரு கலவை, எட்டுக்கும் ஆறுக்கும் ஒன்று. இரண்டுமே இரண்டேகால் மடங்கு.

பத்து அங்குலம் மட்டும் 180 டிகிரியில் ஓரம் காய்ந்து நடு குழியும். 160-க்கு இறக்கி, நடுவில் நெய் தடவிய ஃப்ளவர் நெய்லை, அதாவது ஐசிங் பூ பிழியப் பயன்படும் தட்டைத் தலை உலோக ஆணியை, தலைகீழாக வைத்தால் சூடு உள்ளே ஏறும். ஆறு அங்குலம் எட்டுக்கு முன்பே வெந்துவிடும். அதைத் தனியாகக் குத்திப் பாருங்கள்.