நூலகப் புத்தகம் தொலைந்தால்: ஒரு கடிதம், ஒரு மாற்றுப் பிரதி

கோபிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருப்பதால், புத்தகத்தைத் தொலைத்தவர்கள் எழுதும் கடிதங்கள் எங்கள் கைக்கும் வரும். பெரும்பாலான கடிதங்களில் வருத்தம் ஒரு பக்கம் இருக்கும். எந்தப் புத்தகம் என்பது மட்டும் இருக்காது. மஞ்சள் சாகுபடி பற்றிய ஒரு நூலை ஈரோடு பஸ்ஸில் விட்டுவிட்ட ஒரு விவசாயியின் கடிதத்தை வைத்து, இந்த வேலை எப்படி நடந்து முடிந்தது என்று சொல்கிறோம். நூலின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எடுத்துவிட்டோம்.

அவர் முதலில் எழுதி வந்தது நாலே வரி: "மஞ்சள் புத்தகம் பஸ்ஸில் தொலைந்துவிட்டது, வேறு வாங்கித் தருகிறேன், மன்னிக்கவும்." நூலகர் அதைப் படித்துவிட்டு, "ஏனுங்க, நெம்பர் எதுங்க?" என்றுதான் கேட்டார். "முதுகுல ஒட்டியிருந்துச்சே, அதுங்களா?" என்றார் இவர். அது இல்லை. முதுகில் ஒட்டியிருப்பது வகைப்பாட்டு எண். அது பொருளைக் காட்டுவது, ஒரே நூலின் மூன்று பிரதிக்கும் ஒரே மாதிரி இருக்கும். தலைப்புப் பக்கத்திலோ அதன் பின்பக்கத்திலோ முத்திரையோடு எழுதியிருப்பதுதான் சேர்க்கை எண். நூலகத்துக்குள் வரும் ஒவ்வொரு பிரதிக்கும் தனித்தனியாகப் போடுவது அது. நூல் சேர்க்கைப் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு ஒரு வரி இருக்கும். நூலின் பெயர், பதிப்பகம், பக்கம், விலை, வாங்கிய விவரம் எல்லாம் அந்த ஒரே வரியில் அடங்கும்.

நூலகருக்கு வேண்டியது அந்த வரிதான். இருப்புச் சரிபார்ப்பு வரும்போது பதிவேட்டில் இருக்கிற எண்ணுக்கு அலமாரியில் புத்தகம் இருக்க வேண்டும், இல்லையென்றால் காகிதம் இருக்க வேண்டும். அவராகவே எண்ணை அடித்துவிட முடியாது. கழிவு செய்ய மேலே ஒப்புதல் வேண்டும், அதற்கு ஆதாரமாக வைப்பது நீங்கள் தரும் கடிதத்தைத்தான். ஆகவே இதை மன்னிப்புக் கடிதமாக நினைக்காமல், கோப்பில் போய் உட்காரப்போகிற ஒரு ஆவணமாக நினைத்து எழுதினால் எல்லாம் சரியாக வரும்.

புத்தகமே கையில் இல்லையே, எண்ணுக்கு எங்கே போவது? நூலகத்திலேயே இருக்கிறது. அட்டை முறையில் இரவல் தருகிற இடமென்றால், புத்தகத்தை எடுத்தபோது அதன் உள்ளிருந்த அட்டையைக் கழற்றி உங்கள் டிக்கெட்டோடு சேர்த்துத் தட்டில் வைத்திருப்பார்கள். கணினி முறையென்றால் உங்கள் உறுப்பினர் எண்ணைத் தட்டினாலே வந்துவிடும். கடிதம் எழுதும் முன் ஒரு நடை போய் எண், பதிப்பு ஆண்டு, பதிப்பகம், பக்கம், விலை இந்த ஐந்தையும் குறித்து வந்துவிட வேண்டும். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனியும் கிடையாது. அதைப் பார்த்துக் கிளம்புங்கள்.

நம்மவர் தொலைத்தது செவ்வாய்க்கிழமை. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் அறையிலும் அடுத்த நாள் டிப்போவிலும் விசாரித்துவிட்டு, வெள்ளி விடுமுறைக்கு முன்னதாக வியாழனன்றே கடிதத்தைக் கொடுத்தார். திருப்பித் தர வேண்டிய நாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. தேடிப் பார்த்துக்கொண்டே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டுச் சொன்னால் தாமதக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும், எப்போது தொலைந்தது என்ற கேள்வியும் வரும். கெடுவுக்கு முன்னால் தேதி போட்ட கடிதம் கொடுத்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கடைசியில் அவர் கொடுத்தது இது:

அனுப்புநர்: (பெயர், முழு முகவரி, கைபேசி எண், நூலக உறுப்பினர் எண்)

பெறுநர்: நூலகர் அவர்கள், கிளை நூலகம், (ஊர்)

பொருள்: இரவல் பெற்ற நூல் தொலைந்தது – மாற்றுப் பிரதி அளிக்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் நூலகத்திலிருந்து 03.03.2025 அன்று நான் இரவல் பெற்ற (நூலின் பெயர்), (ஆசிரியர்), (பதிப்பகம்), 2006 பதிப்பு, 144 பக்கம், சேர்க்கை எண் 18437 என்ற நூல், 11.03.2025 அன்று ஈரோட்டிலிருந்து கோபி வரும் பேருந்தில் தவறிவிட்டது. பேருந்து நிலையத்திலும் பணிமனையிலும் விசாரித்தும் கிடைக்கவில்லை. நூலைத் திருப்பித் தர வேண்டிய நாள் 17.03.2025.

இந்நூலுக்கு ஈடாக அதே நூலின் புதிய பிரதி ஒன்றை என் செலவில் வாங்கித் தர விரும்புகிறேன். தற்போது விற்பனையில் இருப்பது 2019 மறுபதிப்பு, 152 பக்கம், விலை ரூ.130. இப்பதிப்பை ஏற்றுக்கொள்வதாகத் தெரிவித்தால், அந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் ரசீது நகலுடன் ஒப்படைக்கிறேன். ஏற்க இயலாதெனில், தாங்கள் குறிப்பிடும் வேறு நூலையோ விதிப்படி செலுத்த வேண்டிய தொகையையோ தரத் தயாராக உள்ளேன்.

தொலைந்த நூல் பின்னர் கிடைத்தால் அதையும் நூலகத்தில் ஒப்படைப்பேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், நாள்: 13.03.2025)

எப்படித் தொலைந்தது என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும். பையை எந்த சீட்டில் வைத்தார், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதெல்லாம் கோப்புக்கு வேண்டாம். ஆனால் "விசாரித்தும் கிடைக்கவில்லை" என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். கழிவுக்கு ஒப்புதல் தருகிறவர் அதைத்தான் தேடுவார். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் நூலகரின் கையொப்பமும் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நூலகர் மாறுதலாகிப் போய்விட்டால் உங்களிடம் மிஞ்சுவது அது ஒன்றுதான்.

அனுமதி வரும் முன்பே புத்தகத்தை வாங்கிவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. காரணம் பதிப்பு. இவருடைய வழக்கிலேயே பழையது 144 பக்கம், புதியது 152. பார்த்தவுடன் வேறு புத்தகமோ என்று தோன்றும். எழுத்துருவை மாற்றி மறுபடி அச்சுக் கோத்தாலே எட்டுப் பக்கம் கூடிவிடும் என்பதால், பக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஐஎஸ்பிஎன் எண்ணைப் பார்க்க வேண்டும். 2007க்கு முன் அது பத்து இலக்கம், பிறகு பதின்மூன்று. அதே எண்ணைப் பதிப்பகம் தொடர்ந்து வைத்திருந்தால், புதியதில் முன்னால் 978 சேர்ந்திருக்கும், அடுத்த ஒன்பது இலக்கம் பழையதைப் போலவே இருக்கும், கடைசி இலக்கம் மட்டும் மாறலாம். அது சரிபார்ப்பு இலக்கம், முன்னால் எண் கூடும்போது கணக்கும் மாறும். கடைசி இலக்கம் ஒத்துவரவில்லையே என்று ஒருவர் சரியான புத்தகத்தையே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததும் நடந்திருக்கிறது. ஒன்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் திருத்திய பதிப்பாகவோ வேறு கட்டாகவோ இருக்கலாம். அப்போது கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

விலையிலும் குழப்பம் வரும். இந்த நூலுக்குப் பதிவேட்டில் இருந்தது ரூ.45, பழைய அட்டையில் ரூ.60, இப்போது ரூ.130. நூலக ஆணையில் வாங்கும்போது 16 பக்கத்தை ஒரு ஃபாரமாகக் கொண்டு ஃபாரக் கணக்கில் விலை வைப்பார்கள். இது ஒன்பது ஃபாரம். அதனால்தான் பதிவேட்டு விலை அட்டை விலையைவிடக் குறைவாக நிற்கிறது. "நாற்பத்தஞ்சு ரூபாய்தானுங்களே, கட்டிட்டுப் போறேன்" என்றால் நூலகர் தயங்குவார், அந்தத் தொகைக்கு அதே புத்தகத்தை அவர் இன்று வாங்க முடியாது. பணமாகக் கட்டத்தான் வேண்டுமென்றால் எவ்வளவு என்பதை விதியைப் பார்த்து அவர் சொல்லட்டும், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். எங்கள் கணிப்பில், கிடைக்கிற நூல் என்றால் பிரதியாகத் தருவதே இரு பக்கத்துக்கும் சுலபம். தொகுதி நூலில் ஒன்றைத் தொலைத்திருந்தால் கதை வேறு. தனித் தொகுதி விற்காத பதிப்பகம் என்றால் முழு வரிசையையும் வாங்க வேண்டி வரலாம்.

பதிப்பகத்துக்கே போன் போட்டு வாங்குவதுதான் நேர் வழி. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வரும், அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று மார்ச்சில் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. நீங்களே எழுதிக் கொடுத்த பதினைந்து நாள் அதற்குள் போய்விடும்.

அச்சில் இல்லாத நூலுக்குக் கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகள் வரை போகிறார்கள். அங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. நூலகங்கள் தலைப்புப் பக்கத்தில் மட்டும் முத்திரை குத்துவதில்லை. உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தை இரகசியப் பக்கம் என்று வைத்துக்கொண்டு எல்லா நூலிலும் அதே பக்கத்தில் குத்துவார்கள். முதல் தாளைக் கிழித்துவிட்டு விற்பனைக்கு வந்த புத்தகமென்றால் வெளியே சுத்தமாகத்தான் தெரியும். அதை வாங்கி நூலகத்தில் கொடுத்தால் வேறொரு நூலகத்தின் சொத்தை மேசையில் வைத்த மாதிரி ஆகிவிடும். பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு தாளாகப் புரட்டுங்கள். ஓரத்தில் ஊதா மை, சுரண்டிய தடம், உட்பக்க அட்டையில் தேதிச் சீட்டு ஒட்டியிருந்த பசைக் கறை, இதில் ஒன்று தென்பட்டாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஜெராக்ஸ் எடுத்து பைண்டிங் செய்து தருவது எடுபடாது.

வாங்கிய பிரதியில் உங்கள் பெயரோ "அன்பளிப்பு" என்றோ எழுதாதீர்கள். அன்பளிப்பு என்று எழுதினால் பழைய எண் அப்படியே நிலுவையில் நிற்க, புதியது நன்கொடைக் கணக்கில் ஏறிவிடும் அபாயம் உண்டு. அட்டையும் போட வேண்டாம். ரசீது நகலோடு ஒரு துண்டுக் கடிதம் போதும்: "13.03.2025 நாளிட்ட என் கடிதத்தின்படி, சேர்க்கை எண் 18437க்கு ஈடாக இந்நூலை ஒப்படைக்கிறேன்."

இவருக்கு அனுமதி வர ஒரு வாரம் ஆயிற்று, பதிப்பகத்திலிருந்து நூல் வர ஐந்து நாள். புதிய பிரதிக்குப் புதுச் சேர்க்கை எண் போட்டு, பழைய வரியின் குறிப்புக் கலத்தில் அந்தப் புது எண்ணையும் தேதியையும் நூலகர் எழுதினார். தட்டில் இருந்த டிக்கெட்டும் அப்போதே கைக்கு வந்தது. அந்தக் குறிப்பு விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். அது விடுபட்டால், சந்தாவை முடித்துக் காப்புத் தொகையைத் திரும்பக் கேட்கிற நாளில் பழைய எண் உங்கள் பெயரில் பாக்கியாக நிற்கும்.