ஆச்சியின் ஒரு கேள்விக்காக ஐந்து டேபிள்கள்

காரைக்குடியில் பலகாரம் செய்து விற்கும் ஒரு குடும்பத் தொழிலுக்கு, ஊருக்கு வந்திருந்த நாட்களில் கணினி வேலை செய்து கொடுத்தேன். கடையை நடத்துபவர் எனக்கு ஆச்சி முறை. காரைக்குடியில் இரண்டு கிளைகளும் தேவகோட்டையில் ஒன்றும் அவர்களுக்கு உண்டு. மூன்றின் பில்களும் ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சேர்கின்றன. 2025 அக்டோபர் 10 அன்று ஆச்சி என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் பாக்கெட் வியாபாரம் எப்படி இருக்கு, தம்பி?"

பில் போடும் டேபிள்கள் எல்லாம் கையில் இருக்கின்றன, அரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கேள்விக்கு நம்பத்தக்க ஓர் எண்ணைக் கொடுக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

பில்லிங் மென்பொருளின் ஸ்கீமா ஒழுங்காகத்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது. `bills` என்பதில் பில்லின் தலைப்பு, `bill_items` என்பதில் அதன் வரிகள், `items` என்பதில் சரக்கின் பெயர், விலை, ஜிஎஸ்டி விகிதம், வகை. ஒரு செய்தி ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். தேன்குழல் பாக்கெட்டின் விலை மாறினால் ஒரு வரியைத் திருத்தினால் போதும், அடுத்த பில் புது விலையில் விழும். கல்லாவில் வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது வேண்டியது இந்த வேகமும் முரணில்லாமையும்தான். ஆனால் அந்த ஸ்கீமாவுக்கு "இப்போது என்ன" என்பது மட்டுமே தெரியும், "அப்போது என்ன" என்பது தெரியாது. இதை நான் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

அன்று மாலை நான் கொடுத்த தாளில் அக்டோபர் முதல் பத்து நாள் விற்பனை, முந்தைய ஆண்டின் அதே பத்து நாளைவிட மிக அதிகமாக உயர்ந்திருந்தது. ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "எண்ணெய் டின் அவ்வளவு இறங்கலையேப்பா" என்றார். அடுப்படிக் கணக்கு அவருக்கு மனப்பாடம். அவர் சொன்னது சரி. 2024இல் தீபாவளி அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. எனவே ஓர் ஆண்டின் அக்டோபர் 10 பண்டிகைக்கு இருபத்தொரு நாள் முன்னே இருந்தது, மற்றதன் அக்டோபர் 10 பத்தே நாள் முன்னே இருந்தது. நான் ஒப்பிட்டது வியாபாரத்தை அல்ல, பஞ்சாங்கத்தை.

பண்டிகை முடிந்ததும் வேறு வழியில் முயன்றேன். இரண்டு ஆண்டிலும் தீபாவளிக்கு முந்தைய இருபது நாட்களை மட்டும் கையால் தேதி கொடுத்து எடுத்தேன். இப்போது விற்பனை குறைந்திருப்பதாக வந்தது. அதைவிடக் கலங்க வைத்தது, 2024ஆம் ஆண்டின் நிகர விற்பனை, நான் ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த தாளில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. முடிந்துபோன ஒரு வருடத்தில் யாரும் புதிதாகப் பில் போடவில்லை. இருந்தும் எண் மாறியிருந்தது.

காரணம் 2025 செப்டம்பர் 22. பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய முறுக்கு, மிக்ஸர் வகைகளுக்கான ஜிஎஸ்டி அன்று 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கணக்கப்பிள்ளை அன்று காலையே `items` டேபிளில் விகிதத்தை மாற்றிவிட்டார். அது அவர் கடமை. பில் வரியிலோ ஜிஎஸ்டியுடன் சேர்ந்த விலை மட்டும் பதிவாகியிருந்தது, ஜிஎஸ்டி தொகை தனியாக இல்லை. என் அறிக்கை ஜிஎஸ்டியைக் கழிப்பதற்கு `items` டேபிளில் இன்று இருக்கும் விகிதத்தை எடுத்துக்கொண்டது. ஆகவே 2024இன் பில்களும் 5 சதவீதத்தில் கழிக்கப்பட்டன.

கடையின் உண்மைத் தொகைகளை இங்கே எழுத முடியாது, அதனால் அளவை மாற்றிச் சொல்கிறேன். 2024இல் ஒரு பாக்கெட் 112 ரூபாய் வீதம் 1,000 பாக்கெட் விற்றது என்று கொள்வோம். 12 சதவீத வரியைக் கழித்தால் நிகரம் 1,00,000 ரூபாய். அதையே 5 சதவீதத்தில் கழித்தால் 1,06,667 ரூபாய் என்று காட்டும். 2025இல் வரி குறைந்ததால் விலையை 105 ஆக்கினார்கள். 1,040 பாக்கெட் விற்று, நிகரம் 1,04,000 ரூபாய். உண்மையில் நான்கு சதவீத வளர்ச்சி. என் தாளில் அதுவே இரண்டரை சதவீதச் சரிவாக நின்றது.

இதோடு மூன்றாவது பிழையும் சேர்ந்துகொண்டது. தள்ளுபடியை அவர்கள் பில்லின் தலைப்பில்தான் போடுவார்கள், சரக்கு வாரியாக அல்ல. நான் எழுதியிருந்தது இது:

```sql
SELECT SUM(bi.amount), SUM(b.discount)
FROM bills b
JOIN bill_items bi ON bi.bill_id = b.bill_id;
```

ஒரு பில்லில் மூன்று சரக்கு இருந்தால் தலைப்பு மூன்று முறை திரும்பி வரும். 100 ரூபாய்த் தள்ளுபடி 300 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பில்லின் எண்ணிக்கையை `COUNT(*)` கொண்டு எடுத்து, நாள் முடிவில் கல்லாவில் அச்சாகும் தாளில் உள்ள எண்ணிக்கையோடு ஒப்பிட்டபோதுதான் கண்ணில் பட்டது: அங்கே 212, இங்கே 700க்கு மேல்.

அதன் பிறகுதான் பில்லிங் டேட்டாபேஸைத் தொடாமல், தனி டேட்டாபேஸில் ஒரு ஸ்டார் ஸ்கீமா அமைத்தேன். நடுவில் விற்பனை எண்களை வைத்திருக்கும் `fact_sales` என்ற ஃபேக்ட் டேபிள். சுற்றிலும் அந்த எண்களை எதன் வாரியாகப் பார்க்கலாம் என்று சொல்லும் தேதி, சரக்கு, கிளை, வாடிக்கையாளர் வகை என நான்கு டைமென்ஷன் டேபிள்கள். கணக்கப்பிள்ளையிடம் இதை விளக்கியபோது, "நாள்வழியில் எழுதினதைப் பேரேட்டில் ஏத்துறது மாதிரிதானே" என்றார். பெருமளவு அதுதான். நடந்த வரிசையில் எழுதுவது நாள்வழி. தலைப்பு வாரியாகக் கேள்வி கேட்பதற்கென்று திருப்பி எழுதப்படுவது பேரேடு. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இரண்டும் வேறு வேறு புத்தகங்களாகத்தான் இருக்கும்.

இந்த முறையைப் பரவலாக்கிய ரால்ஃப் கிம்பால், டேபிள் எழுதும் முன் கிரெய்ன் எது என்று தீர்மானிக்கச் சொல்வார். அதாவது ஃபேக்ட் டேபிளின் ஒரு வரி எதைக் குறிக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். "ஒரு பில்லில் உள்ள ஒரு சரக்கு வரி" என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அந்த வாக்கியம் வந்ததும், தலைப்பில் உள்ள தள்ளுபடிக்கு அந்த டேபிளில் அப்படியே இடமில்லை என்பது தெளிவாயிற்று. அதைச் சரக்கு வரிகளின் மதிப்புக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தேன். 560, 336, 224 ரூபாய் என மூன்று வரிகள் உள்ள 1,120 ரூபாய் பில்லில் 100 ரூபாய்த் தள்ளுபடி என்றால் முறையே 50, 30, 20 ரூபாய். எல்லாப் பில்லும் இவ்வளவு அழகாகப் பிரியாது. மூன்று வரியும் சம மதிப்பாக இருந்தால் 33.33 மூன்று முறை சேர்ந்து 99.99தான் வரும், மிஞ்சும் காசை மிகப் பெரிய வரியில், சமமாக இருந்தால் முதல் வரியில் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் மாதக் கடைசியில் சில ரூபாய் இடிக்கும், கணக்கப்பிள்ளை அந்தச் சில ரூபாய்க்காக முழுத் தாளையும் தள்ளிவிடுவார்.

தேதி டைமென்ஷனில் ஒரு நாளைக்கு ஒரு வரி. மாதம், கிழமை போன்ற வழக்கமான பத்திகளோடு `days_to_deepavali` என்று ஒரு பத்தியைச் சேர்த்தேன். பண்டிகைத் தேதிகளை ஆண்டுக்கு ஒருமுறை நாட்காட்டியைப் பார்த்துக் கையால்தான் இடுகிறோம். இப்போது "தீபாவளிக்கு முந்தைய இருபது நாள்" என்பது எந்த ஆண்டுக்கும் ஒரே நிபந்தனை.

சரக்கு டைமென்ஷனில்தான் அதிக நாள் செலவாயிற்று. தேன்குழல் பாக்கெட்டுக்கு அதில் இரண்டு வரிகள் உண்டு. 41 என்ற சாவியுள்ள வரி 12 சதவீதத்தோடு 2025-09-21 வரை செல்லும். 187 என்ற சாவியுள்ள வரி 5 சதவீதத்தோடு 2025-09-22இல் தொடங்கும். சரக்குக் குறியீடு இரண்டிலும் ஒன்றே, சாவி மட்டும் நாமே கொடுப்பது. விற்ற நாளில் எந்த வரி நடப்பில் இருந்ததோ அதன் சாவியை ஃபேக்ட் டேபிள் பிடித்துக்கொள்ளும். கணக்கிட்ட ஜிஎஸ்டி தொகையையும் ஃபேக்ட் டேபிளிலேயே எழுதி வைத்தேன். ஒருமுறை எழுதினால் பிறகு யார் விகிதத்தை மாற்றினாலும் அது அசையாது. பழைய விகிதங்களை `items` டேபிளில் மீட்க முடியவில்லை, அவை மேலெழுதப்பட்டுவிட்டன. கணக்கப்பிள்ளை வைத்திருந்த ஜிஎஸ்டி தாக்கல் நகல்களைப் பார்த்துத்தான் நிரப்பினோம்.

எல்லாப் பத்திக்கும் இப்படிப் பழையதைக் காப்பாற்ற வேண்டுமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. சீப்புச் சீடையை "பண்டிகை" வகையிலிருந்து "அன்றாடம்" என்ற வகைக்கு ஆச்சி மாற்றியபோது, பழைய ஆண்டுகளையும் புது வகையிலேயே பார்க்க விரும்பினார். ஆகவே வகைப் பத்தியை மட்டும் எல்லா வரிகளிலும் மேலெழுதிவிடுகிறோம். எது வரலாறு, எது வெறும் பெயர்ப்பலகை என்பதைப் பத்தி வாரியாகக் கேட்டு முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆச்சியோடு அதற்கே இரண்டு மாலைகள் ஆயின.

இவ்வளவும் செய்துவிட்டு, பழைய பில்களை ஏற்றும்போது நானே சறுக்கினேன். சரக்கைத் தேட, இன்று நடப்பில் உள்ள வரியை மட்டும் எடுக்கும் `is_current = true` என்ற நிபந்தனையைப் போட்டுவிட்டேன். விட்டு வந்த பிழையைப் புது வீட்டிலும் குடியேற்றியதாயிற்று. 2024இன் நிகரம் மறுபடியும் தாக்கல் நகலோடு ஒட்டவில்லை. சாவி வாரியாக ஃபேக்ட் வரிகளை எண்ணிப் பார்த்தபோது 41க்கு ஒரு வரிகூட இல்லை. இரண்டு ஆண்டு விற்பனை முழுவதும் 187இன் மேல் உட்கார்ந்திருந்தது. நிபந்தனையை இப்படி மாற்றி, முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன்:

```sql
JOIN dim_item d
  ON d.item_code = bi.item_code
 AND b.bill_date BETWEEN d.valid_from AND d.valid_to
```

தேவகோட்டைக் கிளையில் இணையம் அடிக்கடி போகும். இரண்டு நாள் கழித்து வந்து சேரும் பில்லுக்கும் இந்த நிபந்தனைதான் சரியான வரியைக் கொடுக்கும். `valid_from`, `valid_to` காலங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது என்பது மட்டும் கவனம். ஏறினால் ஒரே விற்பனை இரண்டு வரியாகிவிடும்.

தினமும் இரவு பதினொன்றுக்குக் கடை அடைத்தபின் புதிய பில்கள் ஏறுகின்றன. ஏறி முடிந்ததும் கிளை வாரியாகப் பில் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் கல்லாத் தாளோடு ஒப்பிடுகிறோம். ஒரு காசு இடித்தாலும் அந்த நாள் அறிக்கைக்குள் வராது. இதற்குக் கொடுத்த விலை, ஆச்சி இன்று மதியம் விற்றதை இதில் பார்க்க முடியாது என்பது. அதற்குக் கல்லாவில்தான் கேட்க வேண்டும்.

நவம்பர் நடுவில் புதுத் தாளைக் கொடுத்தேன். எண்ணெய் டின் கணக்கை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது சரியா இருக்கும்" என்றார். உடனே, "அப்ப எண்ணெய்க்கும் அரிசிக்கும் போன காசை இதுல சேர்த்துக் காட்டேன்" என்றார். அதை இந்த டேபிளில் சேர்க்க முடியாது. ஒரு டின் எண்ணெய் எந்தப் பில் வரிக்கும் சொந்தமில்லை; கொள்முதலின் கிரெய்ன் வேறு. தேதி, கிளை என்ற இரண்டு டைமென்ஷன்களைப் பகிர்ந்துகொண்டு `fact_purchase` என்ற இன்னொரு ஃபேக்ட் டேபிள் வேண்டும். கொள்முதல் சீட்டுகள் இன்னும் கம்பியில் குத்தித்தான் கிடக்கின்றன; கணக்கப்பிள்ளை மார்கழியில் அவற்றை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.