இல்லாத வீட்டின் முகவரி

முதலாம் ஆண்டுச் சேர்க்கைக்காகத் தலைமையாசிரியராகப் பெற்றோருக்கு நான் அனுப்பிய கடிதத்தில் ஒரு பத்தி இன்னும் உறுத்துகிறது. வீடு இருக்கும் வட்டாரத்தைப் பார்த்துத்தான் இடம், அதற்குச் சான்றாகப் பெற்றோர் பெயரில் உள்ள கரண்டு பில் அல்லது தண்ணீர் பில் வேண்டும் என்று எழுதியிருந்தேன். காரணத்தையும் சொல்லியிருந்தேன். எங்களிடம் இருக்கும் வகுப்பறைகள் அவ்வளவுதான், வகுப்புக் கணக்கை வைத்துத்தான் ஆசிரியர்கள் கிடைப்பார்கள், அதோடு எங்கள் டவுன் பள்ளி எல்லாரையும் எடுத்துக்கொண்டால் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி காலியாகும். 150 பேருக்குக் கீழே போனால் அது குறைந்த மாணவர் பள்ளி, இன்னும் குறைந்தால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்த வேண்டிவரும். இதை இப்போதும் நம்புகிறேன்.

அந்தக் கடிதத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்த பிறகு, நம் பள்ளிக்கு எதிரில் இருக்கும் தாமான் குடியிருப்பில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அடையாள அட்டையான ஐசியில் பழைய தோட்ட முகவரி. பில் வீட்டுக்காரர் பெயரில், வாடகை ஒப்பந்தமும் வாய்ப்பேச்சுதான். லயத்தில் இருந்தபோதும் கரண்டும் தண்ணீரும் கம்பெனி கணக்கில், அதனால் அவர் பெயரில் பில் என்று ஒன்று வந்ததே இல்லை.

"ஐசியில முகவரியை மாத்துங்கம்மா, வீட்டுக்காரர்கிட்ட ஒரு கடிதம் வாங்குங்க" என்றேன்.

"அவர் எழுதித் தரமாட்டார் சார், வரி வந்துருமோன்னு பயம். நான் உங்க கேட்டுக்கு எதுத்தாப்லதானே குடியிருக்கேன், நீங்களே பாக்குறீங்களே?"

பார்க்கிறேன்தான். ஆனால் கண்ணால் பார்த்ததை வைத்து இடம் கொடுக்க ஆரம்பித்தால், யாரை எனக்குத் தெரியும் என்பதுதான் வட்டாரம் ஆகிவிடும். மேல்முறையீட்டுக்கு மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போகச் சொன்னேன், யாரிடம் பேச வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன். பதில் வருவதற்குள் இடங்கள் நிரம்பிவிட்டன. பையன் இப்போது வேனில் பழைய தோட்டத்துப் பள்ளிக்குப் போகிறான். அந்தப் பள்ளிக்கு ஒரு தலை கூடியது, என் கடிதத்தின் கணக்கு சரியாகத்தான் வேலை செய்தது.

அதே தவணையில் மாமா பெயர் போட்ட பில்லோடு, மாமா வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்ற சத்தியப் பிரமாணத்தோடு வந்த பிள்ளைக்கு இடம் கிடைத்தது. அவர்கள் அங்கே இல்லை என்று ஊருக்கே தெரியும், ஆனால் காகிதத்தில் குறையில்லை. வீட்டைப் பார்த்து இடம் என்று எழுதினேன், நடந்தது என்னவோ பில்லைப் பார்த்து இடம்.

அடுத்த கடிதத்தில், பில் இல்லாதவர்கள் தோட்ட நிர்வாகத்திடமோ வட்டாரத் தலைவரான பெங்ஹுலுவிடமோ உறுதிக் கடிதம் வாங்கி வரலாம் என்று ஒரு வரி சேர்க்க நினைக்கிறேன். துணைத் தலைமையாசிரியர் வேண்டாம் என்கிறார், அந்தக் கடிதத்தையும் ஆள் தெரிந்தவர்கள்தான் முதலில் வாங்கி வருவார்களாம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. இருந்தாலும் சேர்க்கத்தான் போகிறேன்.