ரிலீவிங் லெட்டர் வருமுன்னே சேரும் தேதி வந்துவிட்டால்

புதிதாகச் சேருகிறவர்களின் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பட்டியல் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: சான்றிதழ்கள், பான், ஆதார், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பழைய நிறுவனம் வேலையிலிருந்து விடுவித்ததாகத் தரும் ரிலீவிங் லெட்டர். இவற்றில் எது முதல் நாளே கையில் இருக்க வேண்டும், எது பிறகு வந்தாலும் போதும் என்பது பட்டியலில் இருக்காது. அதை மெயிலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்கிறவர்கள் குறைவு.

அப்படிக் கேட்ட ஒருவர் நினைவுக்கு வருகிறார். வெள்ளிக்கிழமை 14ஆம் தேதி பழைய இடத்தில் கடைசி நாள், திங்கள் 17 எங்களிடம் சேர வேண்டும். ஆனால் அங்கே கணக்கு முடித்த பிறகுதான் லெட்டர், அதற்கு 45 நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். ராஜினாமாவை ஏற்ற மெயில் இருந்தால் போதுமா என்று கேட்டார். போதும், ஆனால் அதில் கடைசி வேலை நாள் தேதியோடு இருக்க வேண்டும் என்றேன். அவரிடம் இருந்ததோ, மேனேஜர் அனுப்பிய வாழ்த்து மட்டும். கடைசி நாள் மாலையோடு ஆபீஸ் மெயில் முடங்கிவிடும் என்பதால், அதற்குள் அங்குள்ள ஹெச்.ஆரிடம் தேதியைக் கேட்டு, பதிலைத் தன் சொந்த மெயிலுக்கும் நகல் போடச் சொன்னார். ஒரே வரியில் பதில் வந்தது: கடைசி நாள் 14.

சம்பளச் சீட்டிலும் ஒரு சிக்கல். நோட்டீஸ் காலத்தின் கடைசி மாதச் சம்பளத்தைப் பல நிறுவனங்கள் நிறுத்திவைத்து, இறுதிக் கணக்கில்தான் தருகின்றன. அந்த மாதத்துக்குச் சீட்டே வராது. அதற்கு முந்தைய மூன்று மாதச் சீட்டுகளையும் வங்கி ஸ்டேட்மெண்டையும் வாங்கிக்கொண்டோம். லெட்டரை 45 நாளில் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டுச் சேர்ந்தார்.

கெடு நெருங்கியும் லெட்டர் வரவில்லை. "எப்போது வரும்?" என்று கேட்டால் "பிராசஸில் இருக்கிறது" என்றுதான் பதில் வரும். எந்தக் கிளியரன்ஸ் பாக்கி என்று கேட்கச் சொன்னேன். மறுநாளே தெரிந்தது: லேப்டாப்போடு சார்ஜரையும் கொடுத்திருக்கிறார், சார்ஜரை மட்டும் பதிவில் ஏற்றவில்லை. (பாதி லெட்டர்கள் இப்படித்தான் நிற்கின்றன.)

ஒருவழியாக வந்த லெட்டரில் கடைசி நாள் 18 என்று இருந்தது. நோட்டீஸில் அவர் எடுத்த இரண்டு நாள் லீவைச் சிஸ்டம் தானாகக் கூட்டிவிட்டது. 17ஆம் தேதி எங்களிடம் சேர்ந்தவர் 18 வரை அங்கே வேலை பார்த்தார் என்றால், பின்னணிச் சரிபார்ப்பில் இரட்டை வேலை என்று குறித்துவிடுவார்கள். அந்த ஒரு வரி மெயிலை இணைத்துத் திருத்தம் கேட்டார். 14 என்று புது லெட்டர் வந்தது. பி.எஃப். கணக்கிலும் வெளியேறிய தேதி அதுவேதானா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, அவர் ஃபைலை மூடினேன்.