வேலை மாறலாமா என்று மூன்று பேரிடம் கேட்டேன்

ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கம் இறக்குமதி, ஏற்றுமதிச் சரக்குகளுக்குச் சுங்க வேலையை முடித்துத் தரும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரிடம், சுங்கத் துறை தரும் ஜி கார்டு வைத்து வேலை பார்க்கிறேன். வீடு திருவொற்றியூர், கைக்கு வரும் சம்பளம் 26,000. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் இறக்குமதிப் பிரிவில் 38,000 தருவதாகக் கடிதம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் துறைமுக வேலை பற்றி வீட்டில் யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும்.

அதனால் ஆட்களை நானே தேடினேன். என் முடிவால் அவர்களுக்கு லாபமோ நஷ்டமோ இருக்கக் கூடாது என்பதுதான் நான் பார்த்த முதல் விஷயம். வேறு புரோக்கரிடம் என்னைப் போலவே வேலை பார்க்கும் ராயபுரத்து நண்பன் ஒருவன். ஜி கார்டுக்கு மேல் நிலையான எஃப் கார்டு வைத்திருந்து ஓய்வு பெற்ற ஒரு சார். அப்புறம் எங்கள் தெரு அக்கா, செவிலியர். கன்டெய்னர் பற்றி ஒன்றும் தெரியாது. வாட்ஸ்அப் குரூப் வேண்டாம் என்று முடிவு செய்தேன். சார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நண்பன் அப்புறம் எதிர்த்துப் பேச மாட்டான்.

சம்பளப் பிரிப்பு, பயண நேரம், எனக்கு என்ன வேண்டும், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி மூவருக்கும் தனித்தனியாகக் கொடுத்தேன். ‘என்ன செய்யட்டும்?’ என்று கேட்கவில்லை. அவரவருக்குத் தெரிந்ததை மட்டும் கேட்டேன்.

நண்பன் தாளைப் பார்த்ததுமே பேனாவை எடுத்தான். 38,000-ல் கம்பெனி கட்டும் பிஎஃப் 1,800, என் பங்கு 1,800, வேலையைப் பொறுத்துத் தரும் தொகை 3,000, கிராஜுவிட்டி, எல்லாம் போகக் கைக்குச் சுமார் 31,000. பயணச் செலவு கூடுதலாக 2,500. ஆக, உண்மையில் கூடுவதும் 2,500தான், போக வர நான்கு மணி நேரம்.

சார் வேறொன்று சொன்னார். புரோக்கரை விட்டு விலகினால் ஜி கார்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொந்தமாகப் புரோக்கர் லைசென்ஸ் வேண்டுமென்றால் எஃப் கார்டு பரீட்சை எழுத வேண்டும், அதில் எழுத்துத் தேர்வோடு வாய்மொழித் தேர்வும் உண்டு. “இறக்குமதிச் சரக்குக்காக தினமும் நீ சுங்கத்துல போடுற பில் ஆஃப் என்ட்ரியே பாதிப் படிப்புப்பா” என்றார்.

அக்கா கேட்டது ஒரே கேள்வி. “அங்க உனக்கு மேல இருக்கறவருக்கு இந்த வேலை தெரியுமா?” விசாரித்தேன். அவர் கணக்குப் பிரிவுக்காரர். சுங்கத்தில் ஒரு சிக்கல் வந்தால் கேட்க ஆளே இருக்காது.

போகவில்லை. முதலாளியிடம் பரீட்சைக்கு விடுப்பும் சம்பள உயர்வும் கேட்டேன். விடுப்பு முழுசாகக் கிடைத்தது, உயர்வு கொஞ்சம். மூவரிடமும் போய் முடிவையும் காரணத்தையும் சொன்னேன். போன மாதம் நண்பன் எங்கள் அலுவலகத்திலேயே சேர்ந்துவிட்டான். நட்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அடுத்த முடிவுக்கு அவன் இடத்தில் வேறொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.